வேலைநிறுத்தமா, கதவடைப்பா, லே-ஆஃபா? தொழிலாளர் சட்ட வினாக்களில் வரையறைப்படி பிரித்தறியும் முறை

ஆலையின் வாயில் பூட்டியிருக்கிறது, தொழிலாளர்கள் வெளியே நிற்கிறார்கள், உள்ளே இயந்திரங்கள் ஓடவில்லை. தொழிலாளர் சட்டத் தேர்வில் வரும் சூழ்நிலை வினாக்களில் பெரும்பாலானவை இந்தக் காட்சியில்தான் தொடங்குகின்றன. இதே காட்சி வேலைநிறுத்தமாகவும் இருக்கலாம், கதவடைப்பாகவும் இருக்கலாம், லே-ஆஃப் ஆகவும் இருக்கலாம், நிரந்தர மூடலாகவும் இருக்கலாம். பூட்டை மட்டும் பார்த்து விடை எழுதுகிறவர் ஏறக்குறைய எப்போதும் தவறாகவே எழுதுகிறார். வேலை நின்றதற்கு யார் காரணம், என்ன காரணம் என்று பார்க்கிறவருக்கே வரையறை வசப்படும். இந்த வழிகாட்டி அந்த இரண்டு கேள்விகளையும் எந்த வரிசையில், எந்தச் சொற்களைக் கொண்டு கேட்க வேண்டும் என்பதைப் பற்றியது.

எந்தச் சட்டத்தின் வரையறை?

நெடுங்காலமாக இந்த வரையறைகள் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஆவது பிரிவில் இருந்தன. வேலைநிறுத்தம் 2(q), கதவடைப்பு 2(l), லே-ஆஃப் 2(kkk), ஆட்குறைப்பு 2(oo), மூடல் 2(cc) என்று இந்த எழுத்துகளையே மனப்பாடம் செய்த தலைமுறைகள் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. உட்பிரிவு எழுத்துகள் மாறியிருந்தாலும், வரையறைகளின் வாசகம் பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது. ஆகவே பழைய சட்டத்தின்கீழ் உச்ச நீதிமன்றம் அளித்த விளக்கங்கள் புதிய தொகுப்பைப் படிக்கவும் உதவுகின்றன. வினாவில் சம்பவத்தின் தேதி கொடுக்கப்பட்டிருந்தால் அதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். வரையறையில் பெரிய வேறுபாடு வராது. ஆனால் முன்னறிவிப்பு, அரசின் முன்அனுமதி போன்ற விளைவுகள் எந்தச் சட்டம் பொருந்துகிறது என்பதைப் பொறுத்து மாறிவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் தொடக்கத்திலேயே நீக்கிவிடுவது நல்லது. “தொழில் தகராறு” என்பது வேறு, வேலைநிறுத்தமும் கதவடைப்பும் வேறு. வேலையளிப்பவருக்கும் தொழிலாளருக்கும் இடையிலோ, வேலையளிப்பவர்களுக்குள்ளேயோ, தொழிலாளர்களுக்குள்ளேயோ, வேலை கொடுப்பது, கொடுக்காதிருப்பது, வேலை விதிமுறைகள், பணி நிலைமைகள் ஆகியவை குறித்து எழும் கருத்து வேறுபாடுதான் தொழில் தகராறு. போனஸ் எத்தனை சதவீதம் என்பது தகராறு. அதற்காக வேலையை நிறுத்துவது வேலைநிறுத்தம். அதை ஏற்க மறுத்துக் கதவைச் சாத்துவது கதவடைப்பு. பின்னவை இரண்டும் தகராற்றில் இரு தரப்பும் எடுக்கும் ஆயுதங்கள். லே-ஆஃப் ஆயுதமே அல்ல. தகராறே இல்லாத ஆலையிலும், நிர்வாகமும் சங்கமும் மிக இணக்கமாக இருக்கும் ஆலையிலும், பஞ்சு வராவிட்டால் லே-ஆஃப் வரும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாக அமைந்துவிடும்.

முதல் படி: வேலையை நிறுத்தியது யார்?

தொழிலாளர்கள் நிறுத்தியிருந்தால் வேலைநிறுத்த வரையறையை எடுத்துச் சொல் சொல்லாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று கூறுகள் தேவை. ஒரு தொழிலில் வேலை செய்யும் ஆட்கள் பலர் இருக்க வேண்டும். வேலை நின்றிருக்க வேண்டும், அல்லது வேலை செய்ய மறுத்திருக்க வேண்டும். அவர்கள் கூடிச் செயல்பட்டிருக்க வேண்டும், அல்லது பொதுவான உடன்பாட்டின்பேரில் மறுத்திருக்க வேண்டும். எத்தனை நேரம் நிறுத்தினார்கள் என்பது வரையறையில் இல்லை. முன்கூட்டியே கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியிருக்க வேண்டும் என்பதும் இல்லை.

இதற்குச் சென்னையிலேயே நடந்த ஒரு நிகழ்வு பாடமாக இருக்கிறது. 1948 நவம்பர் 1 அன்று சூரிய கிரகணம். அன்று விடுமுறை வேண்டும் என்று கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் கேட்டார்கள். நிர்வாகம் இயலாது என்றது. கார்டிங், ஸ்பின்னிங் பிரிவுகளில் இரவு ஷிப்ட்டைச் சேர்ந்த 859 பேர் மாலை 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் வேலையை நிறுத்தினார்கள்; சில மணி நேரத்தில், அன்றிரவே, எல்லாம் சரியாகிவிட்டது. இது வேலைநிறுத்தம்தானா என்ற கேள்வி பக்கிங்ஹாம் அண்டு கர்நாட்டிக் கம்பெனி வழக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இத்தனை பேர் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே காரணத்துக்காகக் கையை எடுத்ததே கூட்டுச் செயலைக் காட்டுகிறது என்று நீதிமன்றம் கொண்டது. சில மணி நேர நிறுத்தமும் வேலைநிறுத்தமே என்றும், ஆலை பொதுப் பயன்பாட்டுச் சேவையாக இருந்தும் முன்னறிவிப்புத் தராததால் அது சட்டவிரோதமானது என்றும், அதனால் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்குத் தேவையான தொடர்ச்சிப் பணி முறிந்தது என்றும் தீர்ப்பாயிற்று. கிரகண வேளையில் வேலை செய்யத் தயங்கியதற்கு ஆண்டு விடுமுறையே விலையாகப் போனது என்று இன்று படிக்கும்போது கடுமையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் வரையறையில் நோக்கத்தின் நியாயத்துக்கு இடமில்லை. நியாயம் என்பது பின்னால், ஊதியம் உண்டா இல்லையா என்ற கட்டத்தில் வருகிற கேள்வி.

தனியொருவர் கோபித்துக்கொண்டு வேலை செய்ய மறுப்பது வேலைநிறுத்தம் ஆகாது. கூட்டு என்னும் கூறு அங்கே இல்லை. வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து வேலை செய்வதையும் வேலைநிறுத்தம் என்று எழுதக் கூடாது. அதில் வேலை நிற்கவில்லை. அது தொழிலாளர் தரப்பின் நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைகளில் ஒன்றாகவும், ஒழுங்கு நடவடிக்கைக்குரிய முறைகேடாகவும் வேறு வழியில் கையாளப்படுகிறது. கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுப்பது பற்றி முன்பு வாதத்துக்கு இடமிருந்தது. புதிய தொகுப்பு, குறிப்பிட்ட ஒரு நாளில் 50 சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே என்று வரையறைக்குள்ளேயே சேர்த்துவிட்டது. 300 பேரில் 160 பேர் ஒரே நாளில் விடுப்புக் கடிதம் கொடுத்தார்கள் என்று வினா வந்தால், எண்ணிக்கை சும்மா கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் படி: நிர்வாகம் நிறுத்தியிருந்தால், முடியாமலா, மனமில்லாமலா?

தேர்வு எழுதுகிறவர்கள் மிகுதியாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கதவடைப்பிலும் லே-ஆஃபிலும் வேலை தர மறுப்பவர் வேலையளிப்பவரே. இரண்டிலும் பணியுறவு அறுந்துவிடுவதில்லை. பெயர் மஸ்டர் ரோலில் இருந்துகொண்டே இருக்கும். இரண்டும் தற்காலிகமானவை. பிரிப்பது காரணம் ஒன்றே.

லே-ஆஃப் வரையறை, காரணங்களை வரிசையாகச் சொல்கிறது: நிலக்கரி, மின்சாரம் அல்லது மூலப்பொருள் பற்றாக்குறை, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைப் பேரிடர், அல்லது இவற்றோடு தொடர்புடைய வேறு காரணம். இவற்றால், மஸ்டர் ரோலில் பெயருள்ள, ஆட்குறைப்பு செய்யப்படாத ஒரு தொழிலாளருக்கு வேலை கொடுக்கத் தவறுவதோ மறுப்பதோ இயலாமற்போவதோ லே-ஆஃப். கதவடைப்பு வரையறையில் காரணமே கிடையாது. வேலையிடத்தைத் தற்காலிகமாக மூடுதல், வேலையை நிறுத்திவைத்தல், அல்லது தாம் வேலைக்கு வைத்துள்ள எத்தனை பேருக்காயினும் தொடர்ந்து வேலை தர மறுத்தல் என்று மட்டுமே அது சொல்கிறது. வரையறையில் இல்லாத அந்த உட்கருத்தை எடுத்துக் காட்டியது நீலகிரியில் எழுந்த ஒரு வழக்கு.

கோத்தகிரியை அடுத்த கைர்பெட்டா தேயிலைத் தோட்டத்தில் 1957 ஜூலை இறுதியில் மேலாளர் சில தொழிலாளர்களால் கடுமையாகத் தாக்கப்பட்டு, எலும்பு முறிவுகளோடு ஒரு மாதத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்தார். கீழ்ப் பிரிவுக்கு வந்தால் உயிர் இருக்காது என்ற மிரட்டலுக்கு அஞ்சி, களப் பணியாளர்கள் அங்கே போக இயலாது என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகம் கீழ்ப் பிரிவை மறு அறிவிப்பு வரை மூடியது. சமரசப் பேச்சுக்குப் பின் செப்டம்பர் 2 அன்று அது திறக்கப்பட்டது. இடைப்பட்ட நாள்களுக்கு லே-ஆஃப் இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் கோவையில் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகினார்கள். அங்கே அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று.

அவர்களுடைய வாதத்துக்குப் பிடிமானம் இருந்தது. அன்றைய வரையறையில் “வேறு எந்தக் காரணத்தாலும்” என்றே இருந்தது. “தொடர்புடைய” என்ற சொல் இல்லை. மிரட்டலால் வேலை தர இயலாமற்போனதும் ஒரு காரணம்தானே என்று கேட்கலாம். 1960இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பட்டியலில் முன்னால் வரும் காரணங்கள் எல்லாம் உற்பத்தி சார்ந்த இடையூறுகள். எனவே கடைசியில் வரும் பொதுச்சொல்லும் அதே இனத்தைச் சேர்ந்த காரணங்களையே குறிக்கும் என்று விளக்கியது. தோட்டத்தில் தேயிலை இருந்தது, பறிக்க ஆளும் இருந்தது. இருந்தும் மூடியது தொழிலாளர்களின் செயலுக்கு எதிர்வினையாக. ஆகவே அது கதவடைப்பு, லே-ஆஃப் இழப்பீடு கிடையாது என்று முடிந்தது. வேலைநிறுத்தம் தொழிலாளர் கையிலிருக்கும் ஆயுதம் என்றால், கதவடைப்பு அதற்கு நேரெதிராக முதலாளி கையிலிருக்கும் ஆயுதம் என்ற கருத்து இந்தத் தீர்ப்பில்தான் தெளிவாக வருகிறது. பின்னர் வந்த சட்டத் திருத்தம் “இயற்கைப் பேரிடர்”, “தொடர்புடைய வேறு காரணம்” என்ற சொற்களை வரையறையில் சேர்த்து, நீதிமன்றத்தின் விளக்கத்தை வாசகமாகவே ஆக்கிவிட்டது.

எனவே இரண்டாம் படியில் கேட்க வேண்டிய கேள்வி இது: தொழிலாளர்கள் இன்று எந்த நிபந்தனையும் இன்றி நிர்வாகம் சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொண்டால், நாளை காலை வேலை கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அது கதவடைப்பு. யார் எதை ஏற்றாலும் டிரான்ஸ்பார்மர் சரியாகும் வரை வேலை கிடைக்காது என்றால் அது லே-ஆஃப். அறிவிப்புப் பலகையில் நிர்வாகம் என்ன பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது என்பது முடிவைத் தீர்மானிக்காது. “லே-ஆஃப்” என்று ஒட்டிய தாள்களுக்குப் பின்னால் கதவடைப்பு இருந்ததுண்டு.

மூன்றாம் படி: இரண்டு மணி நேரக் கணக்கு

லே-ஆஃப் என்று முடிவானால் எத்தனை நாள், அரை நாளா முழு நாளா என்று பார்க்க வேண்டும். மஸ்டர் ரோலில் பெயருள்ள தொழிலாளர் குறித்த நேரத்துக்கு வேலைக்கு வந்து, இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கப்படாவிட்டால், அந்த நாளுக்கு லே-ஆஃப் ஆனதாகக் கொள்ளப்படுவார். ஷிப்ட்டின் தொடக்கத்தில் வேலை தராமல், இரண்டாம் பாதிக்கு வாருங்கள் என்று சொல்லி, அப்போது வேலை கொடுத்தால், அரை நாள் மட்டுமே லே-ஆஃப். இரண்டாம் பாதிக்கு வரச் சொல்லிவிட்டு அப்போதும் வேலை தராவிட்டால், அந்தப் பாதி லே-ஆஃப் ஆகாது. அதற்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் முழுமையாகத் தர வேண்டும். வரச் சொன்னவர் அந்தச் சொல்லுக்குப் பொறுப்பு என்பதே இதன் பொருள்.

இழப்பீடு, அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டின் கூட்டுத்தொகையில் 50 சதவீதம். வார விடுமுறை நாள் கணக்கில் வராது. இதைப் பெற, முந்தைய மாதத்தில் சராசரியாக 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், பருவகாலத் தொழில் அல்லாத நிறுவனமாக இருக்க வேண்டும். தொழிலாளர் ஓராண்டுத் தொடர்ச்சிப் பணி முடித்திருக்க வேண்டும். பதிலி, தற்காலிகத் தொழிலாளருக்கு இந்த உரிமை இல்லை; ஆனால் ஓராண்டுத் தொடர்ச்சிப் பணி முடித்த பதிலியைப் பதிலி என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒரு முறையாவது ஆலைக்கு வந்து காட்டிக்கொள்ளாதவருக்கும், தகுந்த மாற்று வேலையை ஏற்க மறுத்தவருக்கும் இழப்பீடு கிடையாது. அதே நிறுவனத்தின் இன்னொரு பகுதியில் நடக்கும் வேலைநிறுத்தத்தால் லே-ஆஃப் ஏற்பட்டிருந்தாலும் கிடையாது. வினா அமைப்பவர்கள் விரும்பிப் பயன்படுத்தும் கண்ணி இந்தக் கடைசி விலக்குதான்.

ஒரு வாரத்தைப் பிரித்துப் பார்த்தல்

கோவைப் பக்கத்தில் 120 பேர் வேலை செய்யும் நூற்பாலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். சம்பவம் புதிய தொகுப்பு வந்த பிறகு நடக்கிறது. தகராறு எதுவும் சமரச அலுவலரிடமோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இல்லை. ஸ்பின்னிங் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒருவருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து நாளுக்கு 600 ரூபாய்.

திங்கள் காலை 8 மணிக்கு வருகிறார். முந்தைய இரவே டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது. 10 மணி வரை வேலை இல்லை, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மின்சாரம் இல்லாமை, இயந்திரப் பழுது என எப்படிப் பார்த்தாலும் வரையறைக்குள் வருகிறது. முழு நாள் லே-ஆஃப். இழப்பீடு 300 ரூபாய்.

செவ்வாயன்று, பழுது நீங்கிவிடும், மதியம் வாருங்கள் என்கிறார்கள். மதியம் வேலை கிடைக்கிறது. முதல் பாதிக்கு லே-ஆஃப் இழப்பீடு 150, இரண்டாம் பாதிக்குக் கூலி 300, ஆக 450 ரூபாய். மதியமும் மின்சாரம் வராமல் திருப்பி அனுப்பியிருந்தால் எவ்வளவு என்று கேட்டால், பலர் 300 என்று எழுதுவார்கள். அப்போதும் 450 ரூபாய்தான்; இரண்டாம் பாதி லே-ஆஃப் ஆகாது என்பதை மேலே பார்த்தோம்.

புதன்கிழமை கார்டிங் பிரிவினர் இரவுப் படியை உயர்த்தக் கேட்டு, முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை நிறுத்துகிறார்கள். இது வேலைநிறுத்தம். பழைய சட்டத்தில் முன்னறிவிப்புக் கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே இருந்தது. புதிய தொகுப்பு 14 நாள் இடைவெளியோடு கூடிய முன்னறிவிப்பை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விதித்துவிட்டதால், இது சட்டவிரோத வேலைநிறுத்தமும் ஆகிறது. கார்டிங் ஓடாததால் ஸ்பின்னிங்குக்குப் பஞ்சுப் பட்டை வரவில்லை. நம் தொழிலாளர் வேலைக்கு வந்து நிற்கிறார், அவருக்கு அந்தக் கோரிக்கையில் பங்கில்லை. அவர் வேலைநிறுத்தம் செய்யவில்லை. உள்ளீடு இல்லாததால் லே-ஆஃப் ஆகிறார். ஆனால் அதே ஆலையின் இன்னொரு பகுதியில் நடந்த வேலைநிறுத்தமே காரணம் என்பதால், இழப்பீடு சுழி. லே-ஆஃப் இல்லை என்று எழுதுவது பிழை. லே-ஆஃப் உண்டு, இழப்பீடு இல்லை என்று எழுதுவதே சரி.

வியாழன் காலை கார்டிங் பிரிவினரும் வேலைக்குத் திரும்புகிறார்கள். வாயிலில் ஓர் அறிவிப்பு: இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று ஒவ்வொருவரும் உறுதிமொழிக் கடிதம் எழுதித் தந்தால்தான் உள்ளே விடுவோம். மின்சாரம் இருக்கிறது, பஞ்சு இருக்கிறது. ஸ்பின்னிங் பிரிவினரையும் விடவில்லை. இரண்டாம் படிக் கேள்வியைக் கேட்டால் விடை உடனே வருகிறது: கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, ஆகவே கதவடைப்பு. இது சட்டவிரோதமா என்பது அடுத்த கேள்வி. சட்டவிரோத வேலைநிறுத்தத்தின் விளைவாக அறிவிக்கப்பட்ட கதவடைப்பு சட்டவிரோதம் ஆகாது என்று தொகுப்பு சொல்கிறது; நிர்வாகம் அதன் பின்னால் நிற்கும். தொழிலாளர் தரப்பு, வேலைநிறுத்தம் முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகு போட்ட பூட்டு அதன் விளைவு அல்ல, புதிய நிபந்தனையைத் திணிக்கும் முயற்சி என்று வாதிடும். வேலைநிறுத்தத்தில் பங்கேற்காத நம் தொழிலாளரைப் பொறுத்தவரை அந்த வாதம் வலுவானது என்பது என் கருத்து. கதவடைப்பு நியாயமற்றது என்று முடிவானால் அந்த நாள்களுக்கு அவருக்கு முழுக் கூலி கிடைக்கும். விடைத்தாளில் இரு வாதங்களையும் எழுதிவிட்டு ஒரு பக்கம் சாய்வதே முறை.

நான்காம் படி: திரும்ப வேலை உண்டா?

மேலே கண்ட மூன்றிலும் பணியுறவு தொடர்கிறது. அது அறுந்துவிட்டதென்றால் வேறு வரையறைகளுக்குப் போக வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைத் தண்டனையாக அல்லாமல், எந்தக் காரணத்துக்காகவேனும் தொழிலாளரின் பணியை முடித்துவிடுவது ஆட்குறைப்பு. விருப்ப ஓய்வு, வயது முதிர்வு ஓய்வு, ஒப்பந்தக் காலம் முடிதல் போன்றவை மட்டும் அதில் அடங்கா. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை அனுப்பியபோது செய்திகள் “லே-ஆஃப்” என்றே எழுதுகின்றன. அமெரிக்கப் பேச்சு வழக்கிலிருந்து வந்த அந்தப் பொருள் நம் சட்டத்துக்கு ஒத்துவராது. திரும்ப வேலைக்கு அழைக்கும் எண்ணமே இல்லாத அந்தச் செயல் இங்கே, அனுப்பப்பட்டவர் சட்டத்தின் வரையறைப்படி தொழிலாளராக இருந்தால், ஆட்குறைப்பு. செய்தித்தாள் சொல்லை விடைத்தாளுக்குக் கொண்டுவந்து மதிப்பெண் இழப்பவர்கள் ஒவ்வொரு தேர்விலும் இருக்கிறார்கள்.

கதவடைப்பையும் மூடலையும் பிரிக்க, சென்னை எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வேறுபாட்டை நினைவில் வைத்தால் போதும்: கதவடைப்பில் மூடப்படுவது வேலையிடம், மூடலில் மூடப்படுவது தொழிலே. பூட்டிய பிறகு நிர்வாகம் சங்கத்தோடு நிபந்தனை பேசிக்கொண்டிருக்கிறதா, அல்லது இயந்திரங்களை விற்று, உரிமங்களை ஒப்படைத்து, கணக்குகளை முடித்துக்கொண்டிருக்கிறதா என்ற விவரம் வினாவில் எங்காவது ஒரு வரியாக ஒளிந்திருக்கும். அதைத் தேடி எடுத்து மேற்கோள் காட்டிய பிறகே முடிவை எழுத வேண்டும்.